நீண்ட வயர்லெஸ் பிரிட்ஜ்: பாதைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொட்டை மாடியில் ஏறி பைனாகுலரில் பார்க்கிறோம். 8 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எதிர்ப்பக்கக் கட்டடம் தென்னை உச்சிகளுக்கு மேலே பளிச்சென்று தெரிகிறது. சரி, லைன் கிளியர் என்று இரண்டு கட்டடங்களையும் ரேடியோவால் இணைக்கும் டிஷ்ஷை மாட்டிவிடுகிறோம். நீண்ட லிங்க்குகள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்.

ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போவதில்லை. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே, முனைகளில் ஒடுங்கி நடுவில் பருத்த ஒரு நீள்வட்ட வெளி அதற்கு வேண்டும். இதை ஃபிரெனல் மண்டலம் என்பார்கள். முதல் மண்டலத்தின் ஆரத்தில் குறைந்தது 60 சதவீதம் காலியாக இருந்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை. ஒரு தடையின் உச்சி பார்வைக் கோட்டைத் தொட்டாலே 6 டெசிபல் போய்விடும். அதாவது வந்துசேரும் சக்தி கால்பங்காகிவிடும்.

ஆரத்துக்கான கணக்கு இது. தூரங்கள் கிலோமீட்டரில், அலைவரிசை f கிகாஹெர்ட்ஸில், விடை r மீட்டரில். D என்பது மொத்தத் தூரம். d1, d2 இரண்டும் தடையிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தூரங்கள்.

```
r = 17.32 × sqrt(d1 × d2 / (f × D))
```

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மில்லுக்கும் 8 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு குடோனுக்கும் 5.8 கிகாஹெர்ட்ஸில் லிங்க் போடுவதாக வைத்துக்கொள்வோம். நிலம் சமதளம். மில்லில் ஆன்டெனா 18 மீட்டர் உயரத்தில், குடோனில் 24 மீட்டரில். மில்லிலிருந்து 3 கிலோமீட்டரில் 18 மீட்டர் உயரத் தென்னந்தோப்பு. அந்த இடத்தில் பார்வைக் கோடு 20.25 மீட்டர் உயரத்தில் போகிறது. மரத்துக்கு மேலே 2 மீட்டர் இடம் இருக்கிறதே என்று தோன்றும்.

ஆனால் அங்கே ஆரம் 9.85 மீட்டர்; அதில் 60 சதவீதம் 5.9. பூமியின் வளைவு நடுவழியில் நிலத்தை மேலே தூக்குவதையும் சேர்க்க வேண்டும். d1-ஐயும் d2-ஐயும் பெருக்கி 17-ஆல் வகுத்தால் கிடைக்கும்: 0.9 மீட்டர். மரம் வளர்வதற்கும் மட்டை காற்றில் ஆடுவதற்கும் ஒரு 2 மீட்டர். எல்லாம் கூட்டினால் கோடு 26.8 மீட்டரில் போயாக வேண்டும். நமக்கு ஆறரை மீட்டர் குறைகிறது.

இங்கே அடுத்த தவறு வருகிறது. குடோன்காரர் சம்மதித்துவிட்டார் என்று அந்தப் பக்கமே கம்பத்தை உயர்த்துவார்கள். தோப்பு அங்கிருந்து 5 கிலோமீட்டர் தள்ளியிருப்பதால், குடோனில் 1 மீட்டர் ஏற்றினால் தோப்பின் மேல் கோடு 37 சென்டிமீட்டர்தான் ஏறும். பற்றாக்குறையைத் தீர்க்க 17.5 மீட்டர் ஏற்ற வேண்டும். மில் பக்கம் ஏற்றினால் 10.5 மீட்டர் போதும். தடைக்கு அருகில் இருக்கும் முனையைத்தான் உயர்த்த வேண்டும். அதுவும் முடியாத இடத்தில், தோப்புக்கு விலகிய ஒரு கட்டடத்தில் ரிலே வைத்து லிங்க்கை இரண்டாக உடைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஸ்டே கம்பி சரியில்லாத உயரக் கம்பம் காற்றில் ஆடி டிஷ்ஷின் திசையையே மாற்றிவிடும்.

தோப்பின் உயரம் எப்படித் தெரியும்? கூகுள் எர்த்தின் உயர வரைபடத்தை மட்டும் நம்பிவிடுகிறார்கள். அது காட்டுவது தரை உயரத்தை. மரமும் கட்டடமும் அதில் வராது. தோப்புக்கு நேரில் போங்கள். 1 மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலையும், அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அளந்து, மர நிழலைக் குச்சி நிழலால் வகுத்தால் உயரம் மீட்டரில் கிடைத்துவிடும்.

பெரிய டிஷ் போட்டால் மண்டலம் சுருங்கும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். சுருங்காது. அது தூரத்தையும் அலைவரிசையையும் மட்டுமே பொறுத்தது. மரத்தை ஊடுருவட்டும் என்று 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால், இதே 8 கிலோமீட்டருக்கு நடுவழி ஆரம் 10-லிருந்து 16 மீட்டராகப் பெருகும். அப்புறம், மண்டலம் குறுக்குவாட்டில் வட்டமானது. பக்கவாட்டிலும் அதே இடம் வேண்டும். டிஷ்ஷிலிருந்து 50 மீட்டரில்கூட ஆரம் 1.6 மீட்டர் இருக்கும். ஆகவே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கோட்டை ஒட்டி நின்றால் அதுவும் தடைதான்.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை. 8 கிலோமீட்டரில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு வெட்டவெளி இழப்பு சுமார் 126 டெசிபல். அனுப்பும் பக்கம் ஆன்டெனாவோடு சேர்த்து 36 dBm, வாங்கும் டிஷ் 23 dBi என்றால் திரையில் -67 dBm அருகே வர வேண்டும். டிஷ்ஷை எவ்வளவு நுணுக்கமாகத் திருப்பியும் -74 தாண்டவில்லை என்றால் முதலில் பாதையைச் சந்தேகியுங்கள். கோடையில் ஓடிய லிங்க், மழை நின்ற பிறகும் இலை காயும் வரை தடுமாறுகிறது என்றால் காரணம் மரம்தான். ஈர இலை அலையைப் பலமாக உறிஞ்சும். அந்த நிலையில் ரேடியோவை மாற்றிப் பணம் செலவழிக்காமல், நிழலை அளந்த தோப்புக்கே திரும்பிப் போய் மறுபடி அளந்து பாருங்கள்.