‘இஸ்கூல்’ என்பதைக் கைதட்டியே திருத்தலாம்

ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் சொல்லும்போது உயிரொலிக்கு ஒரு தட்டாகக் கைதட்டச் சொல்லுங்கள். ‘ஸ்கூல்’ ஒரே தட்டுத்தான். ‘இஸ்கூல்’ என்று சொல்கிற பிள்ளையின் கை இரண்டு முறை தட்டும். ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று கடைசியில் உகரம் சேர்த்தாலும் அப்படியே. தமிழ்ச் சொல் ‘ஸ்க்’ என்று தொடங்காததால்தான் நாக்கு முன்னால் ஒரு இகரத்தைத் தேடுகிறது. காதுக்குப் பிடிபடாத அந்த ஒலியைக் கை காட்டிக்கொடுத்துவிடும்.

திருத்துவதற்கு, பல்லைச் சேர்த்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு போல இழுக்கச் சொல்லி, நிறுத்தாமல் உதட்டைக் குவித்து ‘கூல்’ சொல்ல வையுங்கள். மட்டக்களப்பில் நாற்பது பிள்ளைகள் நெருங்கி உட்காரும் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சொன்னால் பிழை சத்தத்துக்குள் ஒளிந்துவிடும். ஆகவே முதலில் முழு வகுப்பு, பிறகு வாங்கு வாங்காக. பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல் என்றால் இரண்டு விரலால் தட்டினால் போதும்.

‘ஃபேன்’, ‘பேன்’ குழப்பத்துக்குக் கைதட்டல் உதவாது, இரண்டுக்கும் ஒரே தட்டு. அங்கே மேற்பல் கீழுதட்டில் படுகிறதா என்று வாயைத்தான் பார்க்கவேண்டும்.