சம்மதமின்றிச் சேர்க்கப்பட்டவரின் குடும்பம் புகார் கொடுத்தால்: பதில் கடிதம் எழுதும் முறை

வடசென்னையில் உள்ள ஒரு சிறிய மனநல மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். குடும்பத்தினர் எழுத்துமூலம் கொடுக்கும் புகார்களுக்கான பதிலின் முதல் வரைவு பெரும்பாலும் என் மேசையில்தான் உருவாகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் திணறுவதைப் பார்த்து இதை எழுதுகிறேன். கீழே வரும் நிகழ்வு பல கோப்புகளில் கண்டவற்றை ஒன்றாக்கி அமைத்த எடுத்துக்காட்டு. அதில் எவருடைய அடையாளமும் இல்லை.

காசிமேட்டைச் சேர்ந்த 41 வயதுப் பெண் ஒருவரை அவருடைய கணவர் ஒரு செவ்வாய் இரவு 7.40 மணிக்கு அழைத்து வருகிறார். அவருக்குச் சேர விருப்பமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்மதமின்றிச் சேர்க்க வழிசெய்யும் 89ஆம் பிரிவின்படி அவர் சேர்க்கப்படுகிறார். அடுத்த வாரம் வியாழனன்று அவருடைய தாயும் அண்ணனும் கையெழுத்திட்ட இரண்டு பக்கப் புகார் வருகிறது. மகளைக் கட்டாயப்படுத்தி அடைத்து வைத்துள்ளீர்கள், ஒரே டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், கணவர் சொன்னதை மட்டும் கேட்டீர்கள், பெற்ற தாயைப் பார்க்க விடவில்லை என்று நான்கு குற்றச்சாட்டுகள் அதில் உள்ளன.

முதல் படி: புகார் கிடைத்த அன்றே, கிடைத்தது என்று இரண்டு வரியில் எழுதித் தேதியும் முத்திரையும் இட்டுக் கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டு வரியில் விளக்கம் எதுவும் வேண்டாம். அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு புகார் செய்யும் உரிமையை நோயாளிக்கும், சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதிக்கும்தான் தருகிறது, அண்ணனுக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள். அந்த வாதத்தை ஏற்காதீர்கள். வாசலில் நிற்கும் தாய்க்குப் பதில் சொல்வதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. எதைச் சொல்லலாம் என்பதற்குத்தான் சட்டத்தில் எல்லை உண்டு.

இரண்டாம் படி அந்த எல்லையைப் பற்றியது. அதிகம் தவறு நடக்கும் இடமும் இதுவே. புகாரைப் படித்தவுடன், அன்றிரவு அந்தப் பெண் எந்த நிலையில் இருந்தார், என்ன சொன்னார், என்ன செய்யத் துணிந்தார் என்பதை எல்லாம் எழுதி நம் பக்க நியாயத்தை நிலைநாட்டத் தோன்றும். நமக்கு மிக வலுவாகத் துணைநிற்கும் அந்த விவரங்களைத்தான் நாம் வெளியே சொல்லக்கூடாது. 23ஆம் பிரிவு நோயாளியின் மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்களின் இரகசியத்தைக் காக்கிறது. நியமனப் பிரதிநிதிக்கு அவருடைய கடமைக்குத் தேவையானதைச் சொல்லலாம். இந்த எடுத்துக்காட்டில் அவர் கணவர். தாயும் அண்ணனும் அல்லர். ஆகவே வரைவைத் தொடங்கும் முன் நோயாளியிடம் செல்ல வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில், வெள்ளிக்கிழமை மனநல மருத்துவர் அவரைப் பரிசோதித்து, சிகிச்சை பற்றித் தானே முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார் என்று பதிவு செய்கிறார். 89ஆம் பிரிவின் நிபந்தனை பொருந்தாமல் போனால் அந்தச் சேர்க்கையை முடித்துவிட வேண்டும். வீட்டுக்குப் போகலாம், விரும்பினால் தன் சம்மதத்தில் இருக்கலாம் என்று அவரிடம் சொல்லப்படுகிறது. அவர் இருக்க விரும்புகிறார். அதன் பிறகே புகாரை அவரிடம் வாசித்துக் காட்டுகிறோம். "அம்மாகிட்ட எப்ப சேந்தேன், இப்ப நானாதான் இருக்கேன்னு சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி என்ன பேசினேன்னு மட்டும் அண்ணனுக்குத் தெரிய வேணாம்" என்கிறார். இதை அப்படியே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, அவருடைய கையெழுத்தும் தேதியும் வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். இனி எழுதப்போகும் கடிதத்தின் எல்லை இந்தத் தாள்தான். அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லாதிருந்தால், மருத்துவமனை எப்படி நடந்துகொள்ள வேண்டும், தவறியது எங்கே, அடுத்து யாரிடம் செல்லலாம் என்பதோடு கடிதத்தை நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

மூன்றாம் படி: கேஸ் ஷீட்டைத் திறந்து, புகாரை ஒதுக்கி வைத்துவிட்டு, நடந்தவற்றை நேர வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பக்க எண் இருக்க வேண்டும். பக்க எண் கிடைக்காத வரி கடிதத்தில் இடம்பெறக் கூடாது. வார்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது என்பது சான்றாகாது.

89ஆம் பிரிவு என்ன கேட்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம் இருக்க வேண்டும். சேர்த்த அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ ஒரு மனநல மருத்துவரும், மற்றொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ அவரைத் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் அபாயம், பிறரைத் தாக்குவதோ தாக்கப்படுவோமோ என்று அவர்களை அஞ்ச வைப்பதோ, ஆபத்து நேரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமை ஆகிய மூன்றில் ஒன்றேனும் நோயின் தீவிரத்தால் உள்ளது என்று இருவரும் தனித்தனியே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி இல்லை என்பதும் உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். இத்தகைய சேர்க்கை அதிகபட்சம் 30 நாட்களுக்குத்தான். பிரதிநிதியின் சம்மதத்தில் சிகிச்சை நடந்தால், நோயாளி தானே சம்மதம் தரும் நிலைக்கு வந்துவிட்டாரா என்று ஏழு நாட்களுக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும்.

நம் கோப்பில் மனநல மருத்துவரின் குறிப்பு 8.10 மணிக்குத் தொடங்கி ஒன்றரைப் பக்கம் போகிறது. அதன் கீழே, 8.25 என்று நேரமிட்டு, டியூட்டி டாக்டரின் கையெழுத்தில் "மேற்கண்ட கருத்துடன் உடன்படுகிறேன்" என்று ஒரே வரி. இந்த வரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். தனித்தனியே பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது ஒருவர் எழுதியதற்கு மற்றவர் ஒப்பமிடுவதை அன்று. டியூட்டி டாக்டரைக் கேட்டால், தான் தனியாகப் பத்து நிமிடம் பேசியதாகவும், கேஷுவாலிட்டியில் கூட்டம் இருந்ததால் விரிவாக எழுதவில்லை என்றும் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இப்போது அந்த வரிக்கு மேலும் கீழும் எதையும் சேர்த்து எழுத விடாதீர்கள். தன் நினைவில் உள்ளதை அவர் பதிவு செய்ய விரும்பினால், இன்றைய தேதியிட்டு, பின்னர் எழுதியது என்று தலைப்பிலேயே சொல்லி, தனித்தாளில் எழுதட்டும். திருத்தப்பட்ட கேஸ் ஷீட் நாளை வெளிப்பட்டால் மருத்துவமனையின் மற்ற எல்லாப் பதிவுகளும் நம்பிக்கை இழக்கும். குறைவாக எழுதப்பட்ட ஒரு குறிப்பை ஒப்புக்கொண்டால் அவ்வளவு சேதம் இல்லை.

இன்னும் இரண்டு குறைகள் அந்த நேரவரிசையில் தெரிகின்றன. சேர்க்கப்பட்டவர் பெண் என்பதால், இத்தகைய சேர்க்கைகளைக் கண்காணிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மூன்று நாட்களுக்குள் அறிக்கை போயிருக்க வேண்டும். தபால் பதிவேட்டில் அடுத்த திங்கட்கிழமைத் தேதி இருக்கிறது. ஏழு நாள் என்ற பொதுக்கெடுவை எழுத்தர் எல்லோருக்கும் பொருத்திவிட்டார். மற்றொன்று வாசலில் நடந்தது. புதன்கிழமை மதியம் டிபன் கேரியருடன் வந்த தாயைக் காவலாளி ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பார்வையாளர் பதிவேட்டில் பெயரும் நேரமும் உள்ளன, காரணம் இல்லை. 26ஆம் பிரிவின்படி பார்வையாளரைச் சந்திப்பதா மறுப்பதா என்பது, மருத்துவமனையின் நேர ஒழுங்குக்கு உட்பட்டு, நோயாளியின் உரிமை. "அம்மா வந்திருக்கிறார்" என்று அவரிடம் யாருமே போய்ச் சொல்லவில்லை.

நான்காம் படி, வரைவு. புகார் தமிழில் வந்தால் பதிலும் தமிழிலேயே, குடும்பம் எழுப்பிய வரிசையிலேயே இருக்கட்டும். "கட்டாயப்படுத்தி" என்ற அவர்களுடைய சொல்லோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நான் எழுதும் முதல் பத்தி இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய அம்மா, ஐயா, தங்கள் கடிதத்தை முழுமையாகப் படித்தோம். தங்கள் மகள் செவ்வாய் இரவு இங்குச் சேர்க்கப்பட்டபோது அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்பது உண்மை. அவர் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி சேர்க்கப்பட்டார். வெள்ளிக்கிழமை முதல் தம்முடைய சம்மதத்தின் பேரிலேயே தங்கியிருக்கிறார். இதைத் தங்களிடம் தெரிவிக்க அவரே அனுமதி தந்துள்ளார். மருத்துவ விவரங்களை அவருடைய அனுமதியின்றி எவரிடமும் கூற இயலாது. தங்களை விலக்கி வைக்கும் நோக்கத்தில் இதைச் சொல்லவில்லை."

பரிசோதனை பற்றிய பத்தியில் இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்: "இரண்டு மருத்துவர்களின் பதிவுகள் கோப்பில் உள்ளன. இரண்டாவது மருத்துவரின் குறிப்பு, இருக்க வேண்டிய விரிவுடன் இல்லை. இதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் எழுத்தில் தெரிவித்துள்ளோம்." கடைசி வாக்கியத்தை எழுதும் முன் வாரியத்துக்கான கடிதம் உண்மையிலேயே போயிருக்க வேண்டும். அறிக்கை தாமதமானதையும் தேதியுடன் அதே பத்தியில் சொல்லிவிடலாம்.

கணவரைப் பற்றிய குற்றச்சாட்டில் எந்தப் பக்கமும் சாயாதீர்கள். நோயாளி வேறு எவரையும் நியமிக்காதபோது உறவினர் என்ற முறையில் அவர் பிரதிநிதியாகச் செயல்பட்டார் என்றும், வேறொருவரை நியமிக்க விரும்பினால் 14ஆம் பிரிவின்படி வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ இட்டு நியமிக்கலாம் என்பது நோயாளிக்குச் சொல்லப்பட்டுள்ளது என்றும் எழுதுங்கள். வீடு, சொத்து பற்றி அண்ணன் எழுதியவை நம் கடிதத்துக்குரியவை அல்ல.

வாசலில் நடந்ததற்கு மன்னிப்பு நேராக இருக்க வேண்டும். "தங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று எழுதினால், குறை அவர்கள் மனத்தில்தான் என்று பொருளாகிவிடும். "புதன்கிழமை தங்களைக் காத்திருக்க வைத்துத் திருப்பி அனுப்பியது எங்கள் தவறு. தாங்கள் வந்திருப்பதை மகளிடம் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை. மன்னிக்க வேண்டுகிறோம்." இவ்வளவு போதும். இதன்பின் ஆனால் என்று தொடங்கும் வாக்கியம் வரக்கூடாது.

இறுதியில் அடுத்த வழியைச் சொல்லுங்கள். நோயாளியோ நியமனப் பிரதிநிதியோ இந்தப் பதிலில் நிறைவடையாவிட்டால் வாரியத்திடமும், பின்னர் மாநில மனநல ஆணையத்திடமும் புகார் செய்யலாம். நோயாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. வாரியத்தின் முகவரியையும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தொடர்பு எண்ணையும் கடிதத்திலேயே தட்டச்சு செய்துவிடுங்கள். அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் என்று எழுதி மறுபடி வாசலுக்கு வரவழைக்காதீர்கள்.

வரைவை முதலில் நோயாளி பார்க்க வேண்டும், பிறகு பொறுப்பு மருத்துவ அலுவலர். கையெழுத்து அவருடையது. நோயாளி ஒரு வாக்கியத்தை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். கடிதத்தை விரைவஞ்சலில் அனுப்பி, கிடைத்ததற்கான ஒப்புகையைப் புகார்க் கோப்பில் வையுங்கள். இந்தக் குடும்பத்தில் தாய்க்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் விடியும் முன்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுகிறார். அதனால் நேரில் வாசித்துக் காட்டி விளக்குவதற்கான சந்திப்பைப் பிற்பகல் 3 மணிக்கு வைத்து, அந்த நேரத்தையும் காவலாளியின் பெயரையும் கடிதத்தின் கீழே எழுதினோம்.