பேஸ்மட்டம் நிரப்பும்போது எங்கே கோட்டை விடுகிறோம்

கோபி பக்கம் புதிதாகக் கான்ட்ராக்ட் எடுக்கிற தம்பிகள் பலரும், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் நடந்த அதே கோளாறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். கொத்தனாரே பார்த்துத் திருத்திவிடுகிற சின்ன விஷயங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

குழியின் கன அளவுக்கே மண் சொல்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். போன கோடையில் ஒரு வீடு. சுவருக்கு உள்பக்கம் அளந்தால் அறைகள் எல்லாம் சேர்த்து 800 சதுர அடி. கீழே இரண்டரை அடி கிராவல், அதன்மேல் அரை அடி மணல். கிராவல் மட்டும் 2000 கன அடி, அதாவது 20 யூனிட். தம்பி சரியாக 20 யூனிட் இறக்கியிருந்தார். "கணக்குப் பார்த்துத்தானுங்கண்ணா சொன்னேன்" என்றார்.

அது இடித்து இறுகிய மண்ணின் கணக்கு. டிப்பரில் வருவதோ வெட்டி உதிர்த்த மண். இடிக்க ஆரம்பித்தால் பற்றாது என்று தெரிந்ததும் ஆட்கள் திமிசையே ஓரமாக வைத்துவிட்டு, உதிரியாகக் கொட்டி மட்டம் பார்த்திருந்தார்கள். 20 யூனிட்டும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஒரு கம்பியை எடுத்துக் குத்தினேன். கையழுத்தத்திலேயே இரண்டடி இறங்கியது. அப்படியே தரை கான்கிரீட் போட்டிருந்தால், மண் நாளடைவில் அமுங்கி, கான்கிரீட்டுக்கு அடியில் வெற்றிடம் விழுந்து, டைல்ஸ் எல்லாம் வெடித்திருக்கும்.

மண்ணை வெளியே அள்ளிப் போட்டு, 8 அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து இடித்தோம். 6 அங்குலம் நின்றது. நாலில் ஒரு பங்கு போய்விட்டது. அப்படியானால் 20 யூனிட் 1500 கன அடிதான். மட்டத்துக்கு ஏழரை அங்குலம் குறையும்.

"சரிங்கண்ணா, கால் பங்கு சேர்த்து 25 யூனிட்டாக்கிடலாம்" என்றார் தம்பி. அதுவும் பற்றாது. சேர்க்கிற மண்ணும் அமுங்கும் அல்லவா? 2000-ஐ 0.75-ஆல் வகுத்தால் 2667 கன அடி வரும். சொல்ல வேண்டியது 27 யூனிட். மிச்ச மண்ணும் வந்தது. ஆனால் அள்ளிப் போட்ட கூலி வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

இந்தக் கால் பங்கு எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. முதல் லோடு வந்ததும் சுவரின் உள்பக்கம் 8 அங்குலத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பரப்பி, இடித்த பிறகு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அதை வைத்து மீதி லோடு சொல்லுங்கள்.

இடிப்பதற்குப் பதில் தண்ணீர் கட்டுவது

மணலுக்குத் தண்ணீர் கட்டலாம். ஈரத்தில் உப்பி நிற்கிற மணல் நன்றாக இறங்கும். அதனால் மணலையும் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள். கிராவலில் ராத்திரி முழுக்க ஹோஸ் போட்டால் சேறுதான் மிஞ்சும். கைப்பிடி மண்ணை அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், நீர் கசியக் கூடாது. அந்தப் பதத்தில் இடியுங்கள்.

அஸ்திவாரத்தில் வெட்டிய கரிசல் மண்

உள்ளே போடவே வேண்டாம். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும்.

டிப்பர் அளவு

தொட்டியை டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.