டிஆர்எஸ் மடல்: கீலை முன்னால் வைக்காதீர்கள்

பெங்களூரு பீன்யாவில் ஒரு ஷெட்டில் மாணவர்கள் சிலர் ரேஸ் கார் கட்டுகிறார்கள். வார இறுதியில் உதவிக்குப் போவேன். போன வாரம் பின் இறக்கையைக் காட்டினார்கள். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு.

கீலை மடலின் முன்விளிம்பில் வைப்பது

பின் இறக்கையில் இரண்டு பாகம்: கீழே நிலையான பிரதான இறக்கை, மேலே செங்குத்தாகச் சாய்ந்த மடல். காற்று இவற்றை அழுத்துவதால் வளைவில் டயர் தரையைப் பிடிக்கிறது. நேர்ப்பாதையில் அந்தப் பிடிப்பு அவ்வளவு தேவையில்லை, ஆனால் அதற்கான காற்றிழுவை மட்டும் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அங்கே மடலைப் படுக்க வைக்கிறோம். இந்த ஏற்பாட்டுக்குத்தான் டிஆர்எஸ் என்று பெயர்.

படுக்க வைக்க இரண்டு வழி. பின்விளிம்பில் கீல் வைத்து முன்விளிம்பைத் தூக்கலாம், அல்லது முன்விளிம்பில் கீல் வைத்து வாலைத் தாழ்த்தலாம். இரண்டாவது சுலபம், மடலை அசைக்கும் சர்வோ மோட்டாரை வைக்க இடமும் கிடைக்கும். "ரெண்டுலயும் மடல் படுக்குதே அண்ணா" என்றான் ஒரு தம்பி. நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

சர்வோவையும் மடலையும் இணைக்கும் லிங்க் ராட் கழன்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். காற்றின் அழுத்தம் பெரும்பாலும் மடலின் முன்பகுதியில், முன்விளிம்பிலிருந்து கால்வாசி தூரத்தில் குவிகிறது. கீல் பின்னால் இருந்தால் அந்த அழுத்தமே முன்விளிம்பைக் கீழே தள்ளி மடலை மூடிவிடும். கீல் முன்னால் இருந்தால் அதே அழுத்தம் வாலைத் தாழ்த்தித் திறந்துவிடும், அதுவும் வளைவின் நடுவில். எங்கள் காரில் சர்வோ அச்சில் மாட்டியிருந்த கொம்பின் பல் தேய்ந்து நழுவியது. பின்பக்கம் சறுக்கி, கார் சுழன்று டயர் சுவரில் மோதியது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இறக்கை போய்விட்டது.

ஷெட்டில் கையால் ஆட்டிப் பார்த்து எதுவும் தெரியாது. வேகம் மணிக்கு 80 கி.மீ.-இலிருந்து 110 ஆனால் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். லிங்க்கைக் கழற்றிவிட்டு, அந்தக் கால்வாசிக் கோட்டில் சின்ன மணல் மூட்டையைக் கட்டுங்கள். மடல் தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

திறப்புக்கு எல்லை வைக்காதது

மடல் அளவுக்கு மீறிப் படுத்தால் அழுத்தம் திசை மாறி மேலே தூக்கும், அப்புறம் தானாக மூடாது. ஃபார்முலா ஒன்னில்கூட 2022 முதல் 2025 வரை, மடல் திறந்திருக்கும்போது அதற்கும் பிரதான இறக்கைக்கும் உள்ள இடைவெளிக்கு 85 மி.மீ. வரம்பு இருந்தது.

வளைவுக்குள் திறந்தே போவது

2025-இல் ஜப்பானின் சுசூகாவில் நடந்த ஃபார்முலா ஒன் பயிற்சியில் ஓட்டுநர் ஜாக் டூஹன் மடல் திறந்தபடி முதல் வளைவில் நுழைந்து தடுப்பில் மோதினார். பிரேக் மிதிக்கும் கணமே மூடும்படி வையுங்கள்.

சர்வோ ஒயரை டேப்பால் ஒட்டுவது

வேண்டாம்.