டிசைனர் புரொபைல்: முதல் இரண்டு வரியில் நடக்கும் தவறுகள்

இணையத்தில் வேலை தேடும் தளங்களில், அப்வர்க்கில் புரொபைல் அறிமுகத்துக்கு 5000 எழுத்துவரை இடம் உண்டு, ஃபைவரில் 600. ஆனால் அப்வர்க்கில் வேலை கொடுக்க வருபவர் வரிசையாகப் பல டிசைனர்களைத் தள்ளிப் பார்க்கும்போது கண்ணில் படுவது படம், தலைப்பு, கட்டணம், அறிமுகத்தின் முதல் ஓரிரு வரி, அவ்வளவுதான். மீதியைப் படிக்க அவர் ஒருமுறை தொட வேண்டும். தொடுவாரா மாட்டாரா என்பது அந்த ஓரிரு வரியில் இருக்கிறது.

ஹட்டனில் ஓர் அச்சகத்தில் நாலைந்து வருடம் வேலை பழகிய ஒருவர் இணையத்தில் வேலை தேடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்:

"வணக்கம்! நான் படைப்பாற்றலும் ஆர்வமும் மிக்க கிராஃபிக் டிசைனர். 5 வருட அனுபவம். லோகோ, போஸ்டர், பேனர், டீசேர்ட், அழைப்பிதழ், வெப்சைட் எல்லாம் செய்து தருவேன். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தித் தருவேன். 100% திருப்தி உறுதி."

முதல் தவறு, தன்னைப் பற்றித் தொடங்குவது. வணக்கமும் ஆர்வமும் சேர்ந்து முதல் வரியைத் தின்றுவிடுகின்றன. இலண்டனில் ஒரு சிறு தேயிலைக் கடைக்காரர் 100 கிராம் பைக்கு லேபல் செய்ய ஆள் தேடுகிறார் என்றால், இதில் அவருக்கான சொல் ஒன்றுகூட இல்லை. அடுத்த புரொபைலிலும் இதே வணக்கம், இதே ஆர்வம். கடைசியில் அவர் கட்டணத்தை வைத்துத்தான் ஆளைத் தேர்வு செய்வார். அந்தப் போட்டியில் எப்போதும் நம்மைவிடக் குறைவாகக் கேட்க ஒருவர் இருப்பார்.

இரண்டாவது தவறு, எல்லாம் செய்வேன் என்ற பட்டியல். கோயில் திருவிழா பேனரும் டியூஷன் போஸ்டரும் சடங்கு அழைப்பிதழும் ஊரில் சோறு போடுகிற வேலைகள். ஆனால் அவற்றை அப்படியே வரிசைப்படுத்தினால், தேயிலைக் கடைக்காரருக்கு அது சம்பந்தமில்லாத பட்டியல். இதில் நாம் கவனிக்காமல் விடுவது, அந்த ஹட்டன்காரரிடம் உண்மையிலேயே அரிதான ஒன்று இருக்கிறது என்பதை. கணினித் திரைக்கு மட்டும் வேலை செய்து பழகியவர்களுக்கு, தன் ஃபைல் இயந்திரத்தில் ஏறும்போது என்ன ஆகும் என்று தெரியாது. இவருக்குத் தெரியும். கூடவே, தேயிலை என்பது அவர் வாசலில் விளைகிற பொருள். இந்த இரண்டையும் 'அது நாட்டுப்புற வேலை' என்று மறைத்துவிட்டு, எல்லோரிடமும் இருக்கிற 'படைப்பாற்றலை' முன்னால் நிறுத்துகிறார்.

அதே ஆள், அதே அனுபவம், இப்படி மாற்றி எழுதலாம் (புரொபைலில் ஆங்கிலத்தில் போட வேண்டும், வரிசை இதுவே):

"தேயிலை, மசாலா, சிறு உணவு பிராண்டுகளுக்குப் பை, டின், பெட்டி லேபல்களை வடிவமைக்கிறேன். உங்கள் அச்சகம் தருகிற அளவு வரைபடத்திலேயே வேலை செய்து, நேரடியாக அச்சுக்கு அனுப்பக்கூடிய பிடிஎஃப் தருகிறேன்."

முதல் வாக்கியத்தில் யாருக்கு, என்ன பொருள். இரண்டாவதில் அவர் கைக்கு என்ன வரும். இதற்கு மேல் முதல் பத்தியில் எதுவும் வேண்டாம்.

அடுத்த பத்தி சான்றுக்கு. 'தரமான வேலை' என்று எழுதுவதைவிட, தரம் கெடும் இடங்கள் நமக்குத் தெரியும் என்று காட்டுவது பலமானது. உதாரணமாக: "ஓரங்களில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடுகிறேன், பை ஒட்டப்படும் பகுதியில் எழுத்து வைப்பதில்லை, பார்கோடை நியம அளவின் 80 வீதத்துக்குக் கீழே சுருக்குவதில்லை." மூன்றுமே வாடிக்கையாளர் காசு இழக்கும் இடங்கள். ப்ளீட் என்பது வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளும் நிறப் பகுதி; அது இல்லாவிட்டால் வெட்டும் கத்தி சற்று விலகினாலே ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். ஒட்டும் பகுதியில் வைத்த எழுத்து சூட்டில் நசுங்கி மறையும். கடைப் பொருட்களில் வரும் 13 இலக்கப் பார்கோடின் நியம அளவு 37.29 × 25.93 மில்லிமீட்டர், இடமில்லை என்று அதிகம் சுருக்கினால் கடைக் கவுண்டரில் வாசிக்காமல் போகலாம். ஏற்கெனவே ஒருமுறை அச்சில் அடிபட்ட வாடிக்கையாளர் இந்த வரியில் நின்றுவிடுவார்.

தேயிலை வேலை தேடுபவர் இன்னொரு வரியும் சேர்க்கலாம். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையை நினைத்தபடி பையில் போட முடியாது. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டிருக்க வேண்டும், சபையின் அனுமதியும் வேண்டும். வேறு நாட்டுத் தேயிலை கலந்தோ, வெளிநாட்டில் பொதி செய்தோ விற்பவருக்கு அது கிடைக்காது. இதைத் தெரியாமல் மாதிரிப் பைகளில் சிங்கத்தை அழகாகப் பொருத்திப் போர்ட்ஃபோலியோவில் வைப்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்த வாங்குநர் அதைப் பார்த்ததும் விலகிவிடுவார். "சிங்க இலச்சினை உங்கள் பொருளுக்குப் பொருந்துமா என்பதை வடிவமைக்கும் முன்பே கேட்டு உறுதி செய்கிறேன்" என்ற வாக்கியத்தை இந்தத் தொழில் அருகில் இருப்பவர்தான் எழுத முடியும்.

மூன்றாவது தவறு, காப்பாற்ற முடியாத வாக்குறுதி. 'எத்தனை முறையும் திருத்துவேன்' என்பது தாராளமாகத் தோன்றும். ஆனால் லேபல் வேலையில் நடப்பது வேறு: இன்று நிறம், நாளை எடை, மறுநாள் முகவரி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும், வேலை முடியாது. "இரண்டு சுற்றுத் திருத்தம் அடக்கம், ஒரு சுற்று என்றால் உங்கள் குறிப்புகள் எல்லாம் ஒரே தடவையில்" என்று போடுங்கள். ஒழுங்காக வேலை வாங்கத் தெரிந்தவருக்கு இது நிம்மதியாகவே இருக்கும்.

'24 மணி நேரமும் கிடைப்பேன்' என்பதும் இதே வகை. இலண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அவர் அலுவலகம் திறப்பதற்குள் நமக்கு ஒரு முழுக் காலைப் பொழுது கையில் இருக்கிறது. "மாலையில் குறிப்பு அனுப்பினால், அடுத்த நாள் நீங்கள் வேலை தொடங்கும்போது திருத்திய ஃபைல் இருக்கும்" என்று எழுதினால், நேர வித்தியாசமே நமக்குச் சாதகமாகிறது. மின்வெட்டு அடிக்கடி வருகிற தோட்டப் பகுதி என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே நேரத்தைச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் இலக்கத்தையோ மின்னஞ்சலையோ அறிமுகத்தில் போடாதீர்கள். ஊர் விளம்பரத்தில் அது இல்லாமல் முடியாது. இந்தத் தளங்களில் அது விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம்.

பேனர், அழைப்பிதழ் வேலைகளையும் விட மனமில்லை என்றால், ஃபைவரில் ஒவ்வொரு சேவைக்கும் தனி கிக், அதாவது தனி விற்பனைப் பக்கம், போடலாம். லேபல் கிக்கின் விவரத்தில் அவை எட்டிப் பார்க்கக் கூடாது.

மாற்றி எழுதிய பிறகு, கைப்பேசியில் கணக்கிலிருந்து வெளியேறி, வாங்குநர் தேடுவதுபோல் தேடிப் பாருங்கள். முதல் வரி எந்தச் சொல்லில் வெட்டுப்படுகிறது என்பது அங்கேதான் தெரியும். பிறகு சில வாரம் எண்களைக் கவனியுங்கள். ஃபைவரின் கிக் கணக்கில், எத்தனை முறை கண்ணில் பட்டது என்பதற்கு "Impressions", எத்தனை முறை தொட்டார்கள் என்பதற்கு "Clicks" என்று இரண்டு இருக்கும். முதலாவது ஏறி இரண்டாவது ஏறவில்லை என்றால் கோளாறு படத்திலோ தலைப்பிலோ இருக்கிறது; விவரத்தை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. தொடுகிறார்கள், ஆனால் யாரும் செய்தி அனுப்புவதில்லை என்றால் விவரத்தையும் மாதிரிகளையும் பாருங்கள். லேபல் என்று எழுதிவிட்டு, கீழே முதல் மாதிரியாகத் திருவிழா பேனர் நின்றுகொண்டிருக்கலாம்.