ரத்துச் செய்ய ஓ.டி.பி. எதற்கு?

வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சமையல் பாதியில் இருக்கும்போது அழைப்பு வந்தது. "அம்மா, பாங்கில இருந்து கதைக்கிறம். உங்கட கார்ட்ல 48,500 ரூபாய்க்கு ஆரோ சாமான் வாங்கப் பாக்கினம். நீங்களா?" மாமி பதறிப்போய் இல்லை என்றார். "அப்ப உடனே கேன்சல் பண்ணுவம். போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்கோ." நம்பர் வந்தது, மாமி சொன்னார், 48,500 ரூபாய் போனது.

பிறகு நாங்கள் திட்டியபோது மாமி கேட்ட கேள்வி நியாயமானது. "அவன் சொன்ன அதே தொகைதானே மெசேஜிலயும் இருந்தது? நான் எப்பிடி நம்பாமல் விடுறது?"

தொகை ஒத்துப்போனதற்குக் காரணம், வாங்கியவனும் பேசியவனும் ஒரே ஆள். இரண்டு நாள் முன்பு மாமிக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது. உங்கள் பொதி வந்திருக்கிறது, சிறிய கட்டணம் ஒன்றைச் செலுத்துங்கள் என்று இணைப்போடு. மாமி அதில் கார்ட் இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறார். அதோடு அவர்களிடம் ஒன்றைத் தவிர எல்லாம் சேர்ந்துவிட்டது. இணையக் கடையில் 48,500 ரூபாய்ச் சாமானைத் தெரிவு செய்து, கார்ட் விபரம் கொடுத்து, ஓ.டி.பி. கேட்கும் திரை வரும் நேரத்தில் மாமிக்கு அழைப்பு எடுத்தார்கள். வங்கி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. சரியான தொகையோடு, சரியான ஆளுக்கு, ஓ.டி.பி. அனுப்பியது.

இங்கே முதல் தவறு, மெசேஜில் இலக்கத்தை மட்டும் பார்ப்பது. மாமிக்கு வந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

```
OTP 731204 for purchase of LKR 48,500.00 with card ending 4417. Do not share.
```

இதில் முக்கியமான சொல் purchase. கொள்வனவுக்கு என்று எழுதியிருக்கிறது, ரத்துச் செய்ய என்று எங்கேயும் இல்லை. மெசேஜ் ஆங்கிலத்தில் வருகிறது, ஒருவர் காதுக்குள் அவசரப்படுத்துகிறார், கண் நேரே ஆறு இலக்கத்துக்குப் போய்விடுகிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்களும் அந்த நேரத்தில் வாசிப்பதில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் purchase, transfer, register என்ற மூன்று சொற்களையாவது காட்டிக்கொடுங்கள். முதலாவது வாங்குவது, இரண்டாவது பணம் அனுப்புவது. மூன்றாவதுதான் கூடுதல் ஆபத்து:

```
OTP 580916 to register your account with a payment app.
```

இலங்கையில் ஜஸ்ட்பே என்ற வழியாக வங்கிக் கணக்கொன்றை வேறு நிறுவனத்தின் பணச் செயலியோடு இணைக்கலாம். இணைப்பதற்குக் கணக்கு இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் அந்த ஓ.டி.பி.யும் தேவைப்படும். ஒருமுறை இணைந்துவிட்டால் அதன்பின் அந்தச் செயலியின் சொந்தப் பின் இலக்கமே போதும். அந்தப் பின் யார் செயலியைத் திறந்தாரோ அவர் வைத்தது. தொகை எதுவும் இந்த மெசேஜில் இல்லாததால் ஆட்கள் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். கணக்கு இலக்கத்தையோ நாமே கோயில் உபயத்துக்கும் சீட்டுக் காசுக்கும் வாட்ஸ்அப்பில் போட்டு வைத்திருக்கிறோம்.

இரண்டாவது தவறு, "என் விபரமெல்லாம் சரியாகச் சொன்னார், அதனால் வங்கிதான்" என்று நினைப்பது. அடையாள அட்டைப் பிரதியை நாம் சிம் வாங்கிய கடையில் தொடங்கி எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம்? புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1965634 என்று தொடங்கினால் 1965இல், 134ஆவது நாளில், அதாவது மே 13இல் பிறந்த பெண். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்ற கணக்கு அது. ஆக இலக்கம் கையில் இருப்பவருக்குப் பிறந்த நாளும் தெரியும். "உங்கள் கார்ட் இந்த ஆறு இலக்கத்தில் தொடங்குகிறது, சரியா?" என்பதும் அப்படித்தான். முதல் ஆறும் வங்கியையும் கார்ட் வகையையும் குறிப்பவை, அதே வகைக் கார்ட் வைத்திருக்கும் எல்லோருக்கும் பொது.

திரையில் தெரியும் இலக்கமும் பெயரும் சாட்சி ஆகாது, இரண்டையும் போலியாகக் காட்டலாம். போலி மெசேஜ் வங்கியின் பெயரில் வந்தால் உண்மையான பழைய மெசேஜ்களின் கீழேயே போய் உட்காரும்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. கொழும்பில் வங்கிக்கு எடுத்தால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தட்டுத்தடுமாறிப் பழகிய ஒருவருக்கு, வங்கியே அழைத்து அழகாகத் தமிழில் கதைத்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே போய்விடுகிறது. "என்ன பண்பாக் கதைச்சான்" என்று மாமி இன்றைக்கும் சொல்கிறார்.

சரி, உண்மையான வங்கி அழைக்கவே அழைக்காதா? அழைக்கும். வழக்கமில்லாத செலவு ஒன்று நடந்தால் "இதை நீங்கள்தான் செய்தீர்களா" என்று கேட்கும். ஆள் சரியா என்று பார்க்கப் பிறந்த திகதி கேட்கவும் கூடும். இல்லை என்று சொன்னால் கார்டை அவர்களே நிறுத்திவிடுவார்கள், அதற்கு உங்களிடமிருந்து ஓ.டி.பி. தேவையில்லை. ஓ.டி.பி. என்பது நீங்கள் தொடங்கிய காரியத்துக்கு நீங்கள் வைக்கும் கையெழுத்து. அதை அனுப்பியதே வங்கி, திரும்பக் கேட்டு அறிய அதற்கு என்ன இருக்கிறது?

இதிலேயே ஒரு சோதனை இருக்கிறது. "சரி தம்பி, கார்டை இப்பவே நிப்பாட்டிவிடுங்கோ, நான் பிறகு கிளைக்கு வாறன்" என்று சொல்லிப் பாருங்கள். வங்கி ஊழியருக்கு அது பெரிய வேலையே இல்லை, சரி என்பார். மற்றவர் விடமாட்டார். இப்போதே சொல்லாவிட்டால் காசு போய்விடும் என்பார், குரல் உயரும், மேலாளர் என்று இன்னொருவர் வருவார். ஆனாலும், சோதனையில் தேறினாலும் வைத்துவிட்டுக் கார்டின் பின்னால் அச்சடித்த இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். வந்த அழைப்பையே திருப்பி எடுப்பதும், கூகுளில் இலக்கம் தேடி எடுப்பதும் மூன்றாவது தவறு.

ஓ.டி.பி.யை ஏற்கெனவே சொல்லிவிட்டால், வெட்கப்பட்டு மகன் வேலையால் வரும்வரை காத்திருக்கக் கூடாது. வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பணமாற்றம் நிமிடங்களில் முடிந்துவிடும். வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்து மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: கார்டை நிறுத்துவது, இணைய வங்கிச் சேவையை முடக்குவது, கணக்கோடு இணைந்திருக்கும் வெளிச் செயலிகளையெல்லாம் நீக்குவது. மாமி கார்டை மட்டும் நிறுத்தினார். அவருக்கு அது போதுமாக இருந்தது, register மெசேஜ் வந்திருந்தால் போதாது. முறைப்பாட்டின் குறிப்பு இலக்கத்தை எழுதி வையுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள், பொலிஸிலும் முறைப்பாடு பதியுங்கள். ஓ.டி.பி. கொடுத்து நடந்த கொள்வனவைத் திரும்பப் பெறுவது கஷ்டம். வங்கியின் பதிலில் திருப்தி இல்லாவிட்டால் மத்திய வங்கியின் 1935க்கு எடுக்கலாம்.