வாடகையைக் கொஞ்ச நாளைக்குக் குறைக்கக் கேட்டு வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

கையில் காசு இறுகும்போது வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவரும் "சரி, பார்த்துத் தாங்க" என்பார். மூன்று மாதம் கழித்து, குறைத்துக் கொடுத்த காசெல்லாம் வாடகைப் பாக்கி என்று வந்து நிற்கும். அதனால்தான் கடிதம். அதை ஒரு உதாரணத்தோடு எழுதிப் பார்ப்போம்.

கல்லடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம். வாடகை 24,000 ரூபாய். கணவர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. அங்கே மாரி மழைக் காலத்தில் ஆட்கள் குறைவு. இம்முறை திருத்த வேலைக்காக நவம்பரிலிருந்து ஜனவரி வரை பாதி அறைகளையும் மூடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் வரும், சேவிஸ் சார்ஜ் விழுந்துவிடும்.

முதலில் கணக்கு

எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்பது என்பதைக் கடிதம் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். இவர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் குறைகிறது. ஒக்டோபரோடு சீட்டு முடிவதால், புதிதாகச் சேராமல் விட்டால் 7,000 மிஞ்சும். வீட்டுச் செலவில் 5,000 குறைக்கலாம். மீதி 8,000. அதைத்தான் கேட்க வேண்டும். வாடகையில் பாதியைக் குறையுங்கள் என்று வாய்க்கு வந்த தொகையைக் கேட்டால், எப்படி வந்தது இந்தக் கணக்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

அப்புறம், கேட்பது தள்ளுபடியா, தவணையா? தள்ளுபடி என்றால் அந்த 8,000 திரும்பக் கட்ட வேண்டியதில்லை. தவணை என்றால் பிறகு கட்ட வேண்டும். இதைக் கடிதத்தில் தெளிவாக எழுதாவிட்டால் ஆளுக்கொரு விதமாக விளங்கிக்கொள்வார்கள். முற்பணத்தில் கழிக்கச் சொல்வதை நான் விரும்புவதில்லை. பல வீட்டுக்காரர்கள் அதைச் செலவழித்திருப்பார்கள்; உங்களுக்கும் அடுத்த வீட்டுக்குப் போகும்போது அந்தக் காசு தேவை.

கடிதம்

வாடகை கட்டும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முந்திக் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

> கல்லடி,
> மட்டக்களப்பு.
> 2025.10.14
>
> வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,
>
> மூன்று மாதங்களுக்கு வாடகையைக் குறைத்துத் தருமாறு வேண்டுதல்
>
> ஐயா,
>
> தங்கள் வீட்டில் மாதம் 24,000 ரூபாய் வாடகைக்கு இருந்து வருகிறோம். நான் வேலை செய்யும் ஹோட்டலில் திருத்த வேலை நடப்பதால் நவம்பர் முதல் ஜனவரி வரை என் வருமானம் மாதம் ஏறக்குறைய 20,000 ரூபாயால் குறைகிறது. நிர்வாகம் தந்த கடிதத்தின் பிரதியை இணைத்துள்ளேன்.
>
> இதில் 12,000 ரூபாயை நாங்களே சமாளித்துக்கொள்வோம். ஆகவே நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கு மட்டும் வாடகையை 16,000 ரூபாயாகக் குறைத்து, மீதி 8,000 ரூபாயைத் தள்ளுபடி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த 16,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள் தருவேன். பெப்ரவரியிலிருந்து வழமையான 24,000 ரூபாயைச் செலுத்துவேன். ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கும்.
>
> தங்களுக்குச் சம்மதமானால் இணைத்துள்ள இக்கடிதத்தின் பிரதியில் கையெழுத்திட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)

வீட்டுக் கஷ்டங்களை நீட்டி எழுதத் தேவையில்லை. எப்போது முடியும், அதுவரை எவ்வளவு வரும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அவரும் இந்த வாடகையை நம்பி லோன் கட்டிக்கொண்டிருக்கலாம்.

கொடுத்த பிறகு

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து, தம்பியோ அக்காவோ வாடகை வாங்குவது இங்கே சாதாரணம். அவர்களிடம் மட்டும் கொடுத்துவிட்டு இருக்காதீர்கள். கடிதத்தைப் படம் பிடித்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சம்மதத்தை எழுத்திலேயே கேளுங்கள். குரல் பதிவில் "ஓம்" என்றால், "நவம்பரிலிருந்து ஜனவரி வரை 16,000, மீதி தள்ளுபடி, சரிதானே அண்ணன்?" என்று நீங்களே எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

தள்ளுபடிக்கு அவர் சம்மதிக்காவிட்டால் தவணையைக் கேட்கலாம். மாதம் 8,000 வீதம் மூன்று மாதத்துக்கு மொத்தம் 24,000 ரூபாய். பாசிக்குடாவில் சீசன் சூடுபிடிக்கும் மே மாதத்திலிருந்து ஆறு மாதம், வாடகையோடு 4,000 சேர்த்து 28,000 கட்டினால் தீர்ந்துவிடும். இதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அவர் நேரே தவணைக்குத்தான் போவார். பேசும்போது சொல்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தவணைக்கு இணங்கினால் அந்த மாதங்களையும் தொகையையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாசித்துப் பாருங்கள். "வாடகையில் ஒரு பகுதி 16,000" என்று இருந்தால் மீதி 8,000 பாக்கியாகவே நிற்கும். "நவம்பர் மாதத்துக்கு இணங்கிய வாடகை 16,000 முழுமையாகப் பெறப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள். வங்கியில் போடுவதாக இருந்தால் குறிப்புப் பகுதியில் மாதத்தின் பெயரை எழுதுங்கள்.

ஹோட்டல் திறப்பது தள்ளிப்போகும் என்று தெரிந்தால், ஜனவரி நடுப்பகுதிக்குள் புதிய கடிதம் கொடுங்கள். சொல்லாமல் பெப்ரவரியிலும் 16,000 கொடுத்தால் முதல் கடிதத்தில் நீங்கள் எழுதியதையே அவர் எடுத்துக் காட்டுவார்.